டூர் பஸ்ஸும் சாப்பாடும்: பெற்றோருக்கு என்ன எழுதுவது, செலவை எப்படிப் பிரிப்பது

கேள்வி: "தேவிபட்டினம் பக்கம் ஸ்கூல். எட்டாம் வகுப்பு, 46 பிள்ளைங்க. ராமேஸ்வரம், தனுஷ்கோடி ஒருநாள் டூருக்கு ஸ்கூல்ல அனுமதி குடுத்துட்டாங்க. பஸ், சாப்பாடு செலவை மட்டும் பெற்றோரே பேசி முடிவு பண்ணிக்கங்கன்னு சொல்லிட்டாங்க. பாதிக்கு மேல கடலுக்குப் போற குடும்பம். போன வருஷம் பணம் பத்தலைன்னு ரெண்டாவது தடவை கேட்டு குரூப்ல சண்டையாயிருச்சு. இந்தத் தடவை மெசேஜ் எப்படிப் போடுறது, எப்படிப் பிரிக்கிறது?"

பஸ்ஸையும் சாப்பாட்டையும் ஒன்றாகக் கூட்டி 46ஆல் வகுக்காதீர்கள். இரண்டாவது தடவை பணம் கேட்க வேண்டிய நிலை பெரும்பாலும் அந்த வகுத்தலில்தான் பிறக்கிறது. பஸ் வாடகை, முப்பது பேர் ஏறினாலும் நாற்பத்தாறு பேர் ஏறினாலும் அதேதான். சாப்பாடு அப்படியில்லை, தலைக்கு இவ்வளவு என்று ஏறும், இறங்கும். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, மெசேஜிலும் தனித்தனியே காட்டுங்கள். பிள்ளை வராமல் போனால் எந்தப் பணம் திரும்பும், எது திரும்பாது என்பதை முதல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். பணம் வாங்கிய பிறகு சொல்லும் விதியை யாரும் விதியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாக்கு என்றுதான் நினைப்பார்கள்.

மெசேஜ் எழுதும் முன் பஸ்காரரிடம் சரியாகப் பேசியிருக்க வேண்டும். "ராமேஸ்வரம் போய்வர எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார். அதில் எது அடங்கும், எது அடங்காது என்பதில்தான் கடைசி நாள் தகராறு. தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் 15 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேஸ்வரம் 55, அதற்கப்பால் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 20. போகவர 180 என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். பஸ்காரர் கணக்கு ஷெட்டில் தொடங்கி ஷெட்டில் முடியும். வண்டி ராமநாதபுரத்திலிருந்து காலியாக வந்து, உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் 30 கிலோமீட்டரும் உங்கள் தலையில்தான். ஆக 210. ஊருக்குள் சுற்றுவதும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 200 கிலோமீட்டர் வரை என்று பேசி முடித்திருந்தால், மிச்சத்துக்கு இறங்கும்போது தனியாகக் கேட்பார். அதனால் 220 வரை என்று பேசுங்கள்.

நேரமும் அப்படித்தான். காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பினால் 14 மணி நேரம். ஒரு நாள் வாடகை என்றால் 12 மணி நேரம் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. டீசல் உள்ளே அடங்குமா, டிரைவர் கிளீனர் பேட்டா தனியா, ராமேஸ்வரத்தில் நுழைவுச் சீட்டும் பார்க்கிங்கும் யார் தருவது, நிகழ்ச்சி தள்ளிப்போனால் அட்வான்ஸ் வேறு தேதிக்கு மாறுமா என்று கேட்டு, பதில்களை வாட்ஸ்அப்பில் எழுதி அவருக்கே அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒற்றைச் சொல் பிறகு ரசீது மாதிரி நிற்கும். நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்கிறதா, பர்மிட், எப்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து, போட்டோ எடுத்துப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். வாடகை குறைவு என்று வெள்ளைப் பிளேட் வண்டியை யாராவது சொன்னால் வேண்டாம். வாடகைக்கு ஆள் ஏற்றும் பர்மிட் அதற்குக் கிடையாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகிவிடும்.

தேதியிலும் பணம் இருக்கிறது. கார்த்திகையிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ராமேஸ்வரத்துக்கு வந்துகொண்டே இருக்கும். பஸ் கிடைப்பதும் கஷ்டம், வாடகையும் கூடுதல். தை அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது, ஓட்டலில் நாற்பது பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்கவும் முடியாது. பொங்கல் கழிந்து, அமாவாசை இல்லாத ஒரு வாரநாள் நல்லது. உங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பயணத்தின் நடுவில் வரும். அதையும் தவிர்த்துவிடுங்கள், ரமலான் நோன்பு எப்போது தொடங்குகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள கணக்குக்கு ஜனவரி 28, புதன்கிழமை என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி கணக்கு. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பஸ்காரரும் ஓட்டல்காரரும் சொல்வதை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். 52 சீட் பஸ், டீசலோடு 220 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய். டிரைவர், கிளீனர் பேட்டா 1,200. நுழைவு, பார்க்கிங் 500. இவை மூன்றும் யார் வந்தாலும் வராவிட்டாலும் மாறாதவை. இதோடு ஆசிரியர்கள் மூவர், உதவிக்கு வரும் பெற்றோர் இருவர், டிரைவர், கிளீனர் என்று ஏழு பேரின் சாப்பாடு, தலைக்கு 125 வீதம் 875. இதுவும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறாது, ஆகவே பொதுச் செலவில்தான் வர வேண்டும். ஆசிரியர்களின் சாப்பாட்டை நாம் கொடுக்கிறோம் என்பதை மெசேஜில் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. எழுதாமல் விட்டால், "டீச்சருங்க காசும் நம்ம தலையிலயா?" என்று யாராவது கண்டுபிடித்துக் கேட்பார்கள். மறைத்தது போல ஆகிவிடும். எழுதிவிட்டால் பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தானே அவர்கள் வருகிறார்கள். கடைசியாக அவசரத்துக்கு 475. எல்லாம் கூட்டினால் 18,050 ரூபாய்.

இதை எத்தனையால் வகுப்பது? 46ஆல் வகுத்தால் தலைக்கு 392 ரூபாய்தான் வரும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்பில் 46 பேரும் டூருக்கு வருவது அரிது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு வீட்டில் விசேஷம், சில வீடுகளில் பெண் பிள்ளையை அனுப்பத் தயக்கம், சில வீடுகளில் அந்த வாரம் கையில் காசில்லை. 38 பேர் வந்தால் 392 வீதம் கிடைப்பது 14,896. குறைவது 3,154. அந்த மூவாயிரத்துக்காகத்தான் மறுபடி குரூப்பில் கை நீட்ட வேண்டி வரும். ஆகவே முதலிலேயே 38ஆல் வகுத்துவிடுங்கள். தலைக்கு 475. அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளை வரும்போதும் 475 மிஞ்சும். மிஞ்சியதைத் திருப்பித் தருவதில் யாரோடும் மனக்கசப்பு வராது, குறைந்ததைக் கேட்பதில்தான் வரும்.

38 என்பது பொதுவிதி இல்லை. வகுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவில் எடுத்தது. உங்கள் வகுப்பில் போன வருடம் எத்தனை பேர் போனார்கள் என்பது தெரிந்திருந்தால் அந்த எண்ணிலிருந்து இரண்டைக் கழித்து வகுங்கள், அதுதான் நம்பகமானது.

சாப்பாட்டில் நான் சொல்வது இது. காலை உணவு வீட்டிலிருந்து பொட்டலமாகக் கட்டிவரட்டும். மதியம் எல்லோருக்கும் ஒரே ஓட்டலில் சைவச் சாப்பாடு, 100 ரூபாய். மாலையில் பன்னும் வாழைப்பழமும் 15. தண்ணீர் கேன் 10. தலைக்கு 125. மதியம் சைவம் என்பது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதில்லை. கறி, மீன் என்று போனால் ஹலாலா, எந்த மீன், சாப்பிடாத பிள்ளைக்கு என்ன என்று மூன்று விலையாகப் பிரியும், ஒரே பங்கு என்பது குலைந்துபோகும். ஓட்டலில் பேசும்போது அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவுச் சாப்பாட்டோடு ஒருமுறை கூடுதல் சோறு என்று பேசினால் போதும், முழுச் சாப்பாட்டில் பாதி இலையிலேயே கிடக்கும். தலை எண்ணிக்கையை முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் சொல்வோம், அதற்குத்தான் காசு தருவோம் என்றும் பேசிவிடுங்கள். சாப்பாட்டுப் பணத்தைத் திருப்பித் தர முடிவதே இந்த ஒரு நிபந்தனையால்தான்.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். அரிச்சல்முனையில் நிழல் கிடையாது, மணலில் நடக்க வேண்டும். 42 பிள்ளைகள் வருவதாக வைத்துக்கொண்டால் ஏழு பெரியவர்களோடு 49 பேர். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்தால் 74 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. பிள்ளைகள் பாட்டிலைக் கொண்டுவந்து பஸ்ஸில் நிரப்பிக்கொள்ளட்டும்.

"ஓட்டல் எதுக்கு, நாமளே சமைச்சு எடுத்துட்டுப் போவோமே, மிச்சமாகுமே" என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். மிச்சமாகும் என்பது உண்மைதான். 49 பேருக்குக் கலந்த சாதம் என்றால் கிலோவுக்கு எட்டுப் பேர் வீதம் ஆறு கிலோ அரிசி. தலைக்கு 50, 60 ரூபாயில் முடித்துவிடலாம். ஆனால் காலை 4 மணிக்குச் சமைத்ததை மதியம் 1 மணிக்குச் சாப்பிடுகிறோம். ஒன்பது மணி நேரம், அதுவும் பஸ் டிக்கிச் சூட்டில். தயிர்சாதம் புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி நூல் விடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை தாங்கும், அதுவும் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகு அள்ளினால்தான். ஆவியோடு மூடினால் மூடியின் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டும், மேல் அடுக்கு பிசுபிசுக்கும், திறந்ததும் ஒரு புளித்த வாடை வரும். அந்த வாடை வந்தால் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இத்தனையும் செய்யத் தயாரென்றால் செய்யுங்கள், ஆனால் சமைக்கிறவருக்கு ஒரு கூலியைக் கணக்கில் எழுதுங்கள். நாலு அம்மாக்கள் விடியற்காலையில் எழுந்து செய்யும் வேலையைச் செலவே இல்லாதது போலக் கணக்கில் காட்டுவது நியாயமில்லை.

ஆக தலைக்கு 475ம் 125ம் சேர்ந்து 600. இதை ஒரே தவணையில் கேட்காதீர்கள். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறது. காற்று எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லையென்றால் அதுவும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு "ஐந்தாம் தேதிக்குள்" என்பது பொருந்தும். படகு கரை வந்து மீன் எடை போட்டு, செலவு கழித்துப் பங்கு பிரித்த பிறகு காசு பார்க்கிறவருக்குப் பொருந்தாது. 300 வீதம் இரண்டு தவணை வையுங்கள், இடையில் குறைந்தது பத்து நாளாவது இருக்கட்டும். அதற்குள் நாலைந்து தடவை படகு போய்வந்திருக்கும். முதல் தவணை பொங்கல் செலவுக்கு முன்பே முடியட்டும், இரண்டாவது பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களை ஒட்டி எந்த வசூலும் வைக்காதீர்கள்.

இப்போது மெசேஜ். முதல் மெசேஜில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளை வருகிறதா? பணம் கேட்பதை அடுத்த மெசேஜுக்கு விட்டுவிடுங்கள், ஆனால் தொகையும் விதிகளும் இதிலேயே இருக்கட்டும்.

> அனைவருக்கும் வணக்கம். நான் 8ஆம் வகுப்பு மாணவியின் அம்மா. பிள்ளைகளின் ராமேஸ்வரம் – தனுஷ்கோடி பயணம் ஜனவரி 28 புதன்கிழமை. காலை 6 மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பி இரவு 8 மணிக்குள் திரும்பும். பாம்பன் பாலம், பேய்க்கரும்பு அப்துல் கலாம் நினைவிடம், அரிச்சல்முனை.
>
> ஒரு பிள்ளைக்கு ரூ.600 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பஸ் மற்றும் பொதுச் செலவு ரூ.475, சாப்பாடு ரூ.125. பஸ் வாடகை 15,000, டிரைவர் கிளீனர் பேட்டா 1,200, நுழைவு பார்க்கிங் 500, ஆசிரியர்கள் உட்பட 7 பெரியவர்கள் சாப்பாடு 875, அவசரத்துக்கு 475, ஆக 18,050. இதை 38 பிள்ளைகள் என்று வகுத்திருக்கிறோம். அதற்கு மேல் பிள்ளைகள் வந்தால் பணம் மிஞ்சும். மிஞ்சுவதில் முதலில் முழுப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் பங்கைச் சரிசெய்துவிட்டு, மீதியைத் திருப்பித் தருவோம்.
>
> பிள்ளைகள் 35 வரை குறைந்தாலும் கூடுதலாக ரூ.30க்கு மேல் கேட்கமாட்டோம். 35க்கும் கீழே என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்களிடம் சொல்லி வண்டியை மாற்றுவோம்.
>
> ஜனவரி 12 வரை வரவில்லை என்று சொன்னால் கட்டியது முழுவதும் திரும்பும். அதன்பின் பஸ் அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம், அதனால் ரூ.475 திரும்பாது. உங்கள் பிள்ளைக்குப் பதில் வேறு பிள்ளை வந்தால் அதுவும் திரும்பும். சாப்பாட்டுப் பணம் ரூ.125, 27ஆம் தேதி மாலை 6 மணிக்குள் சொன்னால் திரும்பும்.
>
> இப்போது பணம் அனுப்ப வேண்டாம். பிள்ளை வருகிறதா இல்லையா என்று மட்டும் 9ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். பணம் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், வேறு யாருக்கும் தெரியாது. கூடுதலாகத் தர விரும்புகிறவர்களும் அவரிடமே தரலாம்.

மெசேஜில் உள்ள 30 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். 35 பேர் வந்தால் மூன்று பங்கு குறையும், அதாவது 1,425. அவசரத்துக்கு வைத்த 475ஐ எடுத்தால் 950 பாக்கி. 35ஆல் வகுத்தால் 27 ரூபாய். 33 பேர் என்றால் 58 ஆகிவிடும். அங்கிருந்து கீழே போகப்போகப் பெரிய பஸ் கட்டுப்படியாகாது, வேன்காரர்களிடம் விசாரிக்கலாம். எதுவரை தாங்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது. மெசேஜில் சொன்ன எல்லையைப் பிறகு நீங்களே மீறவும் வேண்டியிராது.

இவ்வளவு நீளமான மெசேஜை எல்லோரும் படிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதன் கீழேயே ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், பேச்சு நடையில். "அக்கா, அண்ணே, பிள்ளைங்க டூருக்குத் தலைக்கு அறுநூறு ஆகுது. பஸ்ஸுக்கு நானூத்தி எழுபத்தஞ்சு, சாப்பாட்டுக்கு நூத்தி இருபத்தஞ்சு. இப்ப காசு வேணாம், பிள்ளை வருதா இல்லையான்னு மட்டும் ஒன்பதாம் தேதிக்குள்ள சொல்லுங்க. பன்னெண்டுக்கு அப்புறம் வரலைன்னா பஸ் காசு மட்டும் திரும்பாது, அத மனசுல வச்சுக்கங்க." இவ்வளவு போதும். குரூப்பில் இல்லாத வீடுகள் இரண்டு மூன்று எப்போதும் இருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் இதே செய்தியைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பி, கையெழுத்து வாங்கிவரச் சொல்லுங்கள்.

பதில் வாங்குவதில் வழக்கமாக ஒரு குழப்பம் வரும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் குறி "வருகிறது" என்றா, "படித்துவிட்டேன்" என்றா? தெரியாது. பெயரோடு "வருகிறது" என்று எழுதினால்தான் கணக்கில் எடுப்போம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்பதாம் தேதி மாலை வரை பதில் தராதவர்களுக்கு குரூப்பில் நினைவூட்டாதீர்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்யுங்கள். அவர்களில் பலர் மறந்தவர்கள் அல்ல, பணம் இல்லை என்று சொல்லத் தயங்குகிறவர்கள். போனில்தான் அது வெளியே வரும்.

எண்ணிக்கை தெரிந்ததும் இரண்டாவது மெசேஜ், சுருக்கமாக:

> 42 பிள்ளைகள் வருகிறார்கள். நன்றி. முதல் தவணை ரூ.300 ஜனவரி 12 திங்கள்கிழமைக்குள், மீதி ரூ.300 ஜனவரி 24 சனிக்கிழமைக்குள். ஜிபேயில் அனுப்புகிறவர்கள் பிள்ளையின் ரோல் நம்பரைக் குறிப்பில் எழுதுங்கள். ரொக்கமாகத் தருகிறவர்கள் வகுப்பாசிரியரிடம் கொடுத்து நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். 13ஆம் தேதி பஸ்ஸுக்கு அட்வான்ஸ் ரூ.5,000 கொடுத்துவிட்டு ரசீதை இங்கே போடுகிறேன்.

ரோல் நம்பர் கேட்பதற்குக் காரணம் உண்டு. சவுதியிலோ கத்தாரிலோ இருக்கும் அத்தாவின் பெயரிலோ, மாமாவின் நம்பரிலிருந்தோ பணம் வரும். எந்தப் பிள்ளைக்கு வந்தது என்று பத்து நாள் கழித்துத் தேடுவது பெரிய வேலை. பணம் உங்கள் கணக்கில் சேரட்டும், ஆனால் வரவுப் பட்டியலை இன்னொரு பெற்றோரும் வாரம் ஒருமுறை பார்க்கட்டும். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற பெயர்ப் பட்டியலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குரூப்பில் போடாதீர்கள். "42இல் 31 வந்துவிட்டது" என்று எண்ணிக்கை போடுங்கள், போதும். பெயர் தெரிந்தால் அந்தப் பிள்ளையை வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள், அடுத்த நாள் "எனக்கு டூர் வேணாம்மா" என்று வீட்டில் சொல்லிவிடும்.

கட்ட முடியாதவர்கள் கதையையும் கணக்காகவே பார்ப்போம். 42 பேரில் நான்கு வீடுகள் 200 ரூபாய்தான் தர முடியும் என்று ஆசிரியரிடம் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். 38 பேர் 600 வீதம் 22,800, நான்கு பேர் 200 வீதம் 800. மொத்தம் 23,600. பொதுச் செலவு, அவசரப் பணம் செலவாகாவிட்டால், 17,575. பிள்ளைகளின் சாப்பாடு 42க்கு 5,250. மொத்தச் செலவு 22,825. மீதி 775 ரூபாய். நான்கு பிள்ளைகளும் போய்வந்துவிட்டார்கள், யாரிடமும் உதவி என்று கேட்கவில்லை, முழுப் பணம் கட்டிய 38 பேருக்கும் தலைக்கு 20 ரூபாய் திரும்பவும் கிடைக்கிறது. 38ஆல் வகுத்ததன் இன்னொரு பலன் இது. சரியாக 38 பேர்தான் வந்து அதில் நான்கு பேருக்கு 400 வீதம் குறைந்தால் 1,600 வேண்டும், அவசரப் பணம் போக 1,125. அப்போதுதான் முதல் மெசேஜில் உள்ள "கூடுதலாகத் தர விரும்புகிறவர்கள்" என்ற வரி வேலைக்கு வரும். நாலைந்து பேர் 200, 300 என்று ஆசிரியரிடம் கொடுத்தால் முடிந்துவிடும். அந்தப் பணத்தைக் கணக்கில் "கூடுதல் வரவு" என்று ஒரே வரியாக எழுதுங்கள், கொடுத்தவர் பெயரும் வேண்டாம், பெற்றவர் பெயரும் வேண்டாம்.

கூட வர ஆசைப்படும் பெற்றோர் இருப்பார்கள். உதவிக்கென்று பள்ளி ஒப்புக்கொண்ட இருவர் பொதுச் செலவில். மற்றவர்கள் சீட் இருந்தால் 600 கட்டி வரலாம், தம்பி தங்கையை அழைத்துவந்தாலும் சீட் பிடித்தால் 600தான். 42 பிள்ளைகளும் ஐந்து பெரியவர்களும் போக 52 சீட்டில் ஐந்துதான் மிச்சம். அவற்றையும் 12ஆம் தேதி வரை வகுப்புப் பிள்ளைகளுக்கே வைத்திருங்கள். இன்னொன்று, கைச்செலவுக்கு 100 ரூபாய்க்கு மேல் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று கிளம்பும் முன் எழுதுங்கள். கடற்கரையில் சங்கு, பாசிமணி, வறுத்த மீன் எல்லாம் இருக்கும். ஒரு பிள்ளை 500 ரூபாயோடும் இன்னொரு பிள்ளை வெறுங்கையோடும் நிற்கும்போது நீங்கள் சமமாகப் பிரித்த பிரிவெல்லாம் வீண்.

புயல், கனமழை என்று பயணமே நின்றால் பஸ்காரர் அட்வான்ஸை வேறு தேதிக்கு மாற்றித் தருவாரா என்பதை முன்பே கேட்டிருப்பீர்கள். மாற்றித் தருவாரென்றால் பெற்றோரின் பணத்தை வைத்திருந்து புதுத் தேதியைச் சொல்லுங்கள், அந்தத் தேதிக்கு வர முடியாதவர்களுக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். தேதி மாறியது அவர்களால் அல்லவே. பஸ்காரர் தர மாட்டாரென்றால் அட்வான்ஸ் 5,000ஐ 42ஆல் வகுத்து, தலைக்கு 119 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்புங்கள். இந்தக் கணக்கை அன்றைக்குப் போட வேண்டியதில்லை, இரண்டாவது மெசேஜிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

திரும்பிவந்த மூன்று நாட்களுக்குள் கடைசி மெசேஜ் போக வேண்டும். நாள் போகப்போக இருபது ரூபாய்க்கும் சந்தேகம் முளைக்கும்.

> வரவு ரூ.23,600. செலவு: பஸ் 15,000, பேட்டா 1,200, நுழைவு பார்க்கிங் 500, சாப்பாடு 49 பேருக்கு 6,125, மொத்தம் ரூ.22,825. மீதி ரூ.775. முழுப் பங்கு கட்டியவர்களுக்குத் தலைக்கு ரூ.20 இன்று அனுப்பிவிட்டேன், ரொக்கமாகக் கட்டியவர்களுக்கு வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. மிச்சம் ரூ.15 வகுப்பு சாக்பீஸ் டப்பாவுக்கு. பில் எல்லாம் கீழே.

பில் போட்டோக்களை அதன் கீழேயே போடுங்கள். சின்ன ஓட்டலில் அச்சடித்த பில் தரமாட்டார்கள், துண்டுத் தாளில் எழுதி கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கிவரும்படி உதவிக்குப் போகும் பெற்றோரிடம் கிளம்பும்போதே சொல்லி வையுங்கள். பார்க்கிங் சீட்டு மெல்லிய தாள், வெயிலில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுத்துவிடட்டும்.